எட்டைப் பத்தாக்கினாலும் நீளம் மாறாத ஸ்பிரிங்

அழுத்தினால் சுருங்கி, விட்டால் நிமிரும் ஸ்பிரிங்கைக் கணினியில் வரையும்போது பலர் முதலில் தடுக்கி விழும் இடம் சுற்றுகளின் எண்ணிக்கை. வரைவது கடினமே இல்லை. ஒரு வட்டம், அதிலிருந்து மேலேறும் ஹெலிக்ஸ், அந்த ஹெலிக்ஸ் வழியே கம்பியின் உருவத்தை இழுக்கும் ஸ்வீப், அவ்வளவுதான். பின்னால் சுற்றைக் கூட்டவோ குறைக்கவோ போனால்தான் சிக்கல் தெரியும்.

2 மி.மீ. கம்பி, 22 மி.மீ. வெளிவிட்டம், 50 மி.மீ. நீளம், 8 சுற்று என்று வைத்துக்கொள்வோம். சாலிட்வொர்க்ஸில் அடிவட்டத்தை 22 என்று போடக் கூடாது, 20 என்று போட வேண்டும். ஹெலிக்ஸ் ஓடுவது கம்பியின் நடுவில். வெளிப்பக்கம் இருபுறமும் ஒரு மி.மீ. தானாகக் கூடிவிடும்.

அடுத்து ஹெலிக்ஸ். உயரம், சுற்று, ஒரு சுற்றுக்கு ஏறும் பிட்ச் ஆகிய மூன்றில் இரண்டைக் கொடுத்தால் மூன்றாவது தானே வரும். எந்த இரண்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. `Pitch and Revolution` எடுத்து 6.25, 8 கொடுத்தால் 50 கிடைக்கும். ஆனால் நாளைக்குச் சுற்றைப் பத்தாக்கினால் ஸ்பிரிங் 62.5 மி.மீ.க்கு வளர்ந்து, அது உட்கார வேண்டிய கூட்டைத் தாண்டி நிற்கும். `Height and Revolution` எடுங்கள். உயரம் 50லேயே நிற்கும், பிட்ச் மட்டும் 5 ஆக நெருங்கும். சுற்றுக்கு `N` என்று ஒரு மாறி வைத்துவிட்டால், பிறகு தொட வேண்டியது அந்த ஒரே எண்தான்.

பிறகு `Swept Boss/Base`-இல் வட்ட உருவத்தைத் தேர்ந்தெடுத்து 2 மி.மீ. கொடுத்தால் கம்பி உருவாகிவிடும். கம்பி மேலும் கீழும் ஒரு மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்; 0, 50 உயரங்களில் வெட்டி முனைகளைத் தட்டையாக்க வேண்டும்.

`N`-க்கு எல்லை உண்டு. 25 போட்டால் பிட்ச் 2, அதாவது கம்பியின் தடிமன். சுற்றுகள் ஒன்றையொன்று தொடும், ஸ்வீப் பிழை காட்டும். 24 போட்டால் வரையும்; ஆனால் முழுதாக அழுந்திய நீளம் 24 × 2 = 48 என்பதால் அசைய 2 மி.மீ. மட்டுமே மிச்சம். எட்டுச் சுற்றில் அந்த இடம் 34 மி.மீ.

இந்த மாதிரிக்கு ஒரு குறையும் உண்டு. வெட்டிய முனையைக் கீழிருந்து பாருங்கள்: தட்டைப் பகுதி சுற்றில் ஆறில் ஒரு பங்குதான். இப்படிச் செய்த ஸ்பிரிங் சாய்ந்து நிற்கும். அதனால்தான் தொழிற்சாலை ஸ்பிரிங்குகளில் முதல், கடைசிச் சுற்றுகளை நெருக்கி மூடிவிடுகிறார்கள். அதை வரைய `Variable pitch` வேண்டும். முனைச் சுற்றுகளுக்கு 2 கொடுக்காமல் 2.05 கொடுங்கள், சுற்றுகள் முட்டாது. தட்டைப் பகுதி ஏறக்குறைய அரைச்சுற்றாகும். மொத்த உயரமும் மாறியிருக்கும், நடுப் பிட்சைச் சரிசெய்து மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

சுற்றைக் கூட்டினால் ஸ்பிரிங் இளகும் என்பதும் நினைவிருக்கட்டும். மூடாத, தட்டையாக்கிய முனைகளில் வேலை செய்யும் சுற்று மொத்தத்தில் ஒன்று குறைவு. எட்டைப் பத்தாக்கினால் ஏழு ஒன்பதாகும். விறைப்பு 22 சதவீதம் குறைந்துபோகும்.