கட்டைவிரல் துடிப்பில் தொடங்கும் காந்தச் சிகிச்சை

மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சை பெற வருவோர் முதல் நாளில் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “மனத்துக்குத்தானே சிகிச்சை? கையை ஏன் கவனிக்கிறீர்கள்?” இக்கேள்விக்கான விடையிலேயே சிகிச்சையின் அடிப்படை அடங்கியிருக்கிறது.

டி.எம்.எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இம்முறையில், எட்டு வடிவில் சுற்றப்பட்ட கம்பிச் சுருள் ஒன்றைத் தலையின்மீது ஒட்டினாற்போல் வைக்கிறோம். அதில் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியளவே வலிமையான மின்னோட்டம் பாய்கிறது. அப்போது தோன்றும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து, மூளையின் மேலடுக்கான புறணியில் ஒரு சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று ஃபாரடே 1831இல் கண்டறிந்த விதியே இது. இவ்விதியைப் பயன்படுத்தி மனித மூளையைத் தூண்டிக் காட்டியவர், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த அந்தோணி பார்க்கர், ஆண்டு 1985.

ஒரே ஒரு துடிப்பு, நரம்புச் செல்களை அக்கணத்தில் மட்டும் இயங்க வைக்கும். துடிப்புகளை வரிசையாகக் கொடுத்தால் செல்களுக்கு இடையேயான இணைப்புகளின் வலிமையே மாறத் தொடங்கும். பொதுவாக நொடிக்குப் பத்துத் துடிப்புகள் அப்பகுதியின் செயல்பாட்டை உயர்த்தும். நொடிக்கு ஒன்று என்ற மெதுவான வேகம் அதைத் தணிக்கும். மனச்சோர்வு உள்ள பலரிடம் நெற்றிக்குப் பின்னுள்ள இடப்பக்கப் புறணி மந்தமாக இயங்குகிறது. அது உணர்ச்சிகளை ஆளும் ஆழ்ந்த பகுதிகளோடு தொடர்புடையது. ஆகவே அவ்விடத்தை விரைவான துடிப்புகளால் தூண்டுகிறோம்.

ஆனால் நெற்றிப் பகுதியைத் தூண்டும்போது வெளியே எதுவும் தெரியாது. அளவு போதுமா, மிகுதியா என்பதை எப்படி அறிவது? இங்கேதான் கட்டைவிரல் உதவுகிறது. கையை இயக்கும் புறணிப் பகுதியின்மேல் சுருளை வைத்து, வலிமையைப் படிப்படியாக மாற்றிப் பார்க்கிறோம். பத்துத் துடிப்புகளில் ஐந்து முறையேனும் வலது கட்டைவிரலைத் துடிக்க வைக்கும் மிகக் குறைந்த வலிமையே அந்த நபரின் தொடக்க அளவு. இது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இரண்டு மருந்துகளை முறையாக உட்கொண்டும் குணம் காணாத, நாற்பது வயதுப் பெண் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். கருவியின் முழுத் திறனில் 50 விழுக்காட்டில் அவரது விரல் துடிக்கிறது. சிகிச்சை இதன் 120 விழுக்காட்டில், அதாவது 60இல் நடைபெறும். பிறகு சுருளைச் சில சென்டிமீட்டர் முன்னே நகர்த்துகிறோம். நான்கு நொடி துடிப்பு, இருபத்தாறு நொடி ஓய்வு என 75 சுற்றுகளில் 3,000 துடிப்புகள் செல்லும். ஏறத்தாழ 37 நிமிடங்கள் ஆகும். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். மயக்க மருந்து கிடையாது. சுருள் எழுப்பும் ஓசைக்காகக் காதடைப்பான் அணிய வேண்டும். துடிப்புகளை வேறு அமைப்பில் கொடுத்து மூன்றே நிமிடங்களில் முடிக்கும் முறையும் இப்போது வழக்கில் உள்ளது.

சிகிச்சையின்போது தலைத்தோலில் தட்டுவது போன்ற உணர்வும், பின்னர் சிறு தலைவலியும் வரலாம். பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் குறையும். விரல்கள் துடித்தால் உடனே சொல்லுங்கள். சுருள் பின்னால் நகர்ந்திருக்கலாம். அரிதான, ஆனால் முக்கியமான ஆபத்து வலிப்பு. ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே ஏற்படுகிறது. தூக்கமின்மை, மது, புதிய மருந்து, தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துதல் ஆகியவை மூளையின் உணர்திறனை மாற்றிவிடும். நேற்று பொருந்திய அளவு இன்று மிகையாகலாம். இரவு உறங்கவில்லையெனில் மறைக்காது கூறுங்கள். விரல் துடிப்பை மீண்டும் அளந்து பார்ப்போம், தேவையெனில் அன்றைய அமர்வை ஒத்திவைப்போம். காக்ளியர் கருவி, தலைக்குள் உலோகக் கவ்வி உள்ளவர்களுக்கு இச்சிகிச்சை பொருந்தாது. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதனை 2008இல் மனச்சோர்வுக்கும், 2013இல் ஒற்றைத் தலைவலியின் ஒரு வகைக்கும், 2018இல் ஓ.சி.டி. எனும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு நோய்க்கும் சுருளின் வகையும் தூண்டும் இடமும் வேறு.

மருந்துகள் பலனளிக்காத மனச்சோர்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய்க்குறிகள் கணிசமாகக் குறைகின்றன. மூன்றில் ஒருவர் அளவுக்கு முழுமையாக மீள்கின்றனர். மற்றவர்களுக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும். முதல் இரண்டு வாரங்களில் மாற்றம் தெரியாமல் போவது வழக்கமே. தூக்கமும் பசியும் முதலில் சீராகி, மனநிலை பின்னரே தெளியக்கூடும். அதனை நோயாளிக்கு முன்பாகக் குடும்பத்தினரே கவனிப்பதுண்டு. ஆகவே உணவு, உறக்கம், பேச்சு ஆகியவற்றை நாள்தோறும் ஓரிரு வரிகளில் குறித்து வாருங்கள். இடையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால், அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.