ஒரு சட்டைக்கு என்ன விலை? சிறு தையல் பட்டறையின் அடக்கவிலைத் தாள்

ஜொகூரில் பத்து பஹாட் என்றாலே ஆடைத் தொழிற்சாலைகள் நினைவுக்கு வரும். பெரிய ஆலைகளில் கணக்குப் பிரிவு இருக்கும். கடை வீட்டில் மூன்று தையல் இயந்திரத்தோடு நடக்கும் பட்டறையில், துணிக் காசும் தையல் கூலியும் கூட்டி, மேலே கொஞ்சம் வைத்து விலை சொல்லிவிடுவார்கள். இப்படிச் சொல்லும் விலை எங்கே இடிக்கிறது என்பதை அடக்கவிலைத் தாளைப் போட்டுப் பார்த்தால் புரியும். அப்படி ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். மாதம் 1,000 பள்ளிச் சட்டைகள் தைக்கிறார்கள்.

முதலில் நேரடிச் செலவு. வெட்டுக் கழிவையும் சேர்த்து ஒரு சட்டைக்கு 1.4 மீட்டர் துணி, மீட்டர் 6 வெள்ளி, ஆக 8,400. பட்டன், நூல், லேபிள் 800. தையல்காரர் மூவருக்குத் தலா 2,000 வெள்ளி சம்பளம், ஆக 6,000. இதோடு நிறுத்திவிடாதீர்கள். முதலாளி கட்டும் இ.பி.எஃப். 13 விழுக்காடு 780, சொக்சோ முதலியவை சுமார் 120 என்று சேர்த்தால் உழைப்புச் செலவு 6,900 ஆகிறது. இந்த மூன்றின் கூட்டுத்தொகை 16,100. தேர்வுத் தாளில் 'கோஸ் பிரீமா' என்று கேட்பது இதைத்தான்.

அடுத்து ஆலை மேற்செலவு, அதாவது 'ஓவர்ஹெட் கிலாங்'. கடை வாடகை 1,500. ஆனால் முழுவதையும் இங்கே போட்டுவிடக் கூடாது. இடத்தில் ஐந்தில் நான்கு பங்கு பட்டறை, ஒரு பங்கு முன் அலுவலகம் என்றால், 1,200 இங்கே வரும். 300 நிர்வாகச் செலவுக்குப் போகும். மாணவர்கள் அதிகம் புள்ளி இழப்பது இந்தப் பிரிப்பில்தான். மின்சாரம் 400, ஊசி, எண்ணெய், பழுது 200, கிடங்கையும் துப்புரவையும் பார்க்கும் உதவியாளர் 2,000. இயந்திரங்களின் விலை 12,000, ஆயுள் 5 ஆண்டு என்றால் மாதத் தேய்மானம் 200. கையிலிருந்து காசு போகாததால் தேய்மானத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்; ஆனால் இயந்திரம் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். மேற்செலவு மொத்தம் 4,000. உற்பத்திச் செலவு 20,100.

இனி நிர்வாகம்: வாடகைப் பங்கு 300, தொலைபேசி, கணக்குச் செலவு 300, முதலாளியின் உழைப்புக்கு 2,500. தனிநபர் வணிகத்தின் இலாப நட்டக் கணக்கில் முதலாளி எடுப்பது 'எடுப்பு'தான், செலவு இல்லை. ஆனால் விலை நிர்ணயிக்கும் தாளில் அதைச் சேர்க்காவிட்டால், அவர் சம்பளம் இல்லாமல் உழைக்கிறார் என்று பொருள். பொட்டலமும் விநியோகமும் சேர்ந்து விற்பனைச் செலவு 800.

தாள் இப்படி முடியும்:

நேரடிச் செலவு: 16,100
ஆலை மேற்செலவு: 4,000
நிர்வாகம்: 3,100
விற்பனை: 800
மொத்தம்: 24,000, ஒரு சட்டைக்கு 24 வெள்ளி

துணியையும் கூலியையும் மட்டும் பார்த்தவருக்கு ஒரு சட்டை 16 வெள்ளி 10 காசு. 22 வெள்ளிக்கு விற்றால் கிட்டத்தட்ட ஆறு வெள்ளி இலாபம்னு நினைப்பார். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் 2 வெள்ளி நட்டம்.

இலாபம் 20 விழுக்காடு வேண்டும் என்றால், எதன்மேல் என்று முதலில் கேளுங்கள். அடக்கவிலைமேல் என்றால் 24 × 1.2 = 28.80. விற்பனை விலைமேல் என்றால் 24 ÷ 0.8 = 30. கேள்வித் தாளில் இந்த ஒரு சொல் மாறினால் விடையே மாறிவிடும். நாம் 30 என்று வைத்துக்கொள்வோம்.

இன்னும் இரண்டு விஷயம். அதே பட்டறை பாஜு குரோங்கும் தைத்தால் மேற்செலவை உருப்படி எண்ணிக்கையால் பங்கிடாதீர்கள். மாதம் 500 தையல் மணி நேரம் என்றால் மணிக்கு 8 வெள்ளி மேற்செலவு. சட்டைக்கு அரை மணி, அதனால் 4 வெள்ளி. இரண்டு மணி பிடிக்கும் பாஜு குரோங்குக்கு 16. எல்லாவற்றுக்கும் நாலு நாலா போட்டா, பாஜு குரோங்கின் செலவைச் சட்டை சுமக்கும்.

இரண்டாவது, 24 வெள்ளி என்பது 1,000 சட்டைக்கு மட்டுமே பொருந்தும். துணி, பட்டன் முதலியவையும் பொட்டலம், விநியோகமும் சேர்ந்து சட்டைக்கு 10 வெள்ளி. அது எண்ணிக்கையோடு மாறும். மீதி 14,000 மாறாச் செலவு. 30க்கு விற்றால் ஒவ்வொரு சட்டையும் 20 வெள்ளியை அந்த 14,000க்குத் தருகிறது. ஆகவே 700 சட்டை விற்றால்தான் சமநிலை. பள்ளி திறந்த பிறகு ஆர்டர் 600 ஆகக் குறைந்தால் 2,000 வெள்ளி நட்டம். அந்த மாதச் செலவை 600ஆல் வகுத்தால் 33 வெள்ளிக்கு மேல் வரும். அதைப் பார்த்து விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார், ஆர்டர் இன்னும் குறையும். அதனால் மேற்செலவு வீதத்தை ஒரு மந்தமான மாதத்தை வைத்துப் போடாமல், வழக்கமான உற்பத்தி அளவை வைத்துப் போடுங்கள்.