ஏழு வரிகளும் ஒரு சீனியர் இன்ஜினியரும்

கல்லூரி முடித்து வருகிறவருக்கு நடக்கும் நேர்காணலில் கோட் எழுதச் சொல்வார்கள். பத்தாண்டு அனுபவத்தோடு சீனியர் இன்ஜினியர் வேலைக்கு வருகிறவரிடம் அதோடு விடுவதில்லை. வேறொருவர் எழுதிய கோடைத் திரையில் காட்டி, "எழுதினவர் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகுது. உங்க டீம்தான். ரிவ்யூ பண்ணுங்க" என்பார்கள். சென்னையில் இத்தகைய நேர்காணல்களை நடத்தும் பக்கம் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மணி நேரக் கேள்வி பதிலில் தெரியாதது இந்தப் பயிற்சியில் தெரிந்துவிடும் என்பதே என் எண்ணம். ஏன் என்பதை ஓர் உதாரணத்தைக் கொண்டே சொல்கிறேன்.

மொபைல் வாலட் ஒன்றில் வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து பணத்தைக் கழிக்கும் கோட் இது. எழுதியவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஓடுகிறது.

```python
def debit(user_id, amount):
    bal = get_balance(user_id)
    if bal >= amount:
        set_balance(user_id, bal - amount)
        send_sms(user_id, amount)
        return True
    return False
```

கோட் படிக்கத் தெரியாதவருக்கும் இதன் கதை புரியும். இருப்பு எவ்வளவு என்று பார், போதுமான பணம் இருந்தால் கழித்துப் புதிய இருப்பை எழுது, எஸ்எம்எஸ் அனுப்பு, இல்லாவிட்டால் முடியாது என்று சொல். குறை எதுவும் கண்ணில் படாது.

இப்போது ஒரே கணக்கைக் கணவனும் மனைவியும் இரண்டு போன்களில் வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். இருப்பு 500 ரூபாய். கணவன் ஒரு கடையில் 400 ரூபாய் கட்டுகிறார். அதே நொடியில் மனைவி வேறொரு கடையில் 400 ரூபாய் கட்டுகிறார். சர்வரில் இரண்டு கோரிக்கைகளும் ஒன்றாக ஓடுகின்றன. முதலாவது இருப்பைப் படிக்கிறது: 500. அது புதிய இருப்பை எழுதுவதற்குள் இரண்டாவதும் படித்துவிடுகிறது: 500. இரண்டுமே போதுமான பணம் இருக்கிறது என்று முடிவு செய்து, இரண்டுமே 100 என்று எழுதுகின்றன. கடைகளுக்குப் போனது 800 ரூபாய், கணக்கில் மிச்சம் 100. நிறுவனத்தின் கையிலிருந்து 400 ரூபாய் போய்விட்டது. ஒருவர் தனியாக உட்கார்ந்து சோதித்தால் இந்தப் பிழை வரவே வராது. கூட்டம் அதிகமான நாளில்தான் வரும். அப்போதும் எந்தப் பிழைச் செய்தியும் வராது, மாதக் கடைசியில் கணக்கு மட்டும் உதைக்கும்.

பார்ப்பதையும் கழிப்பதையும் பிரிக்காமல் டேட்டாபேஸிடமே ஒரே கட்டளையாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது:

```sql
UPDATE wallet SET balance = balance - 400
WHERE user_id = 7 AND balance >= 400;
```

இதன் பிறகு எத்தனை வரிகள் மாறின என்று டேட்டாபேஸ் சொல்லும். ஒன்று என்றால் பணம் கழிந்தது. பூஜ்யம் என்றால் இருப்பு போதவில்லை, அல்லது அப்படி ஒரு கணக்கே இல்லை.

இந்த ஏழு வரிகளில் இன்னும் இரண்டு பிழைகள் ஒளிந்திருக்கின்றன. தொகை எதிர்மறை எண்ணாக வந்தால், அதாவது யாராவது மைனஸ் 1000 என்று அனுப்பினால், இருப்பு குறைவதற்குப் பதிலாக 1000 ரூபாய் கூடிவிடும். அடுத்தது எஸ்எம்எஸ். பணம் கழிந்த பிறகு எஸ்எம்எஸ் சேவை படுத்துவிட்டால் கோட் பாதியில் நின்று பிழையைத் திருப்பி அனுப்பும். ஆப் 'தோல்வி' என்று காட்டும். வாடிக்கையாளர் மறுபடியும் பொத்தானை அழுத்துவார், பணம் இரண்டாவது முறை கழியும். ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி எண் ஒன்றைச் சேர்த்து அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் கழிக்காமல் பழைய பதிலையே தர வேண்டும். எஸ்எம்எஸ்ஸைக் கழிக்கும் வேலையிலிருந்து பிரித்துத் தனியாக அனுப்ப வேண்டும்.

இவற்றைக் கண்டுபிடிப்பதோடு நேர்காணல் முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. நல்ல புரோகிராமர்கள் பலர் இதுவரை வந்துவிடுவார்கள். கண்டுபிடித்ததை எந்த வரிசையில் சொல்கிறார் என்பதைத்தான் நான் அடுத்து கவனிக்கிறேன். சிலர் `bal` என்ற பெயரில் தொடங்குவார்கள்: "முழுசா `balance`னு எழுதணும்." பிறகு விளக்கக் குறிப்பு எங்கே, டெஸ்ட் எங்கே என்று போய், ஆறாவதாகவோ ஏழாவதாகவோ இரட்டைச் செலவுக்கு வருவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே குரல். இதைப் படிக்கும் ஜூனியர் முதலில் சுலபமானதைத் திருத்துவார், பெயரை மாற்றுவார், எது உயிர் போகும் விஷயம் என்று அவருக்குத் தெரியாது. தேர்ந்தவர் பணம் போகும் பிழையை முதலில் வைப்பார். பெயர் பற்றிய குறிப்பைச் சொல்லாமலே விடுவார், அல்லது கட்டாயமில்லை என்று தெளிவாக எழுதுவார். கூகுள் தன் பொறியாளர்களுக்காக எழுதிப் பொதுவில் வெளியிட்டிருக்கும் ரிவ்யூ வழிகாட்டி, இத்தகைய சில்லறைக் குறிப்புகளின் முன்னால் `Nit:` என்று போடச் சொல்கிறது. அந்த ஒரு சொல்லைப் பார்த்தால் ஜூனியருக்குப் பாதி பதற்றம் குறையும்.

அடுத்து, குறிப்பின் வாசகம். "எழுதினவர் இப்ப உங்க எதிர்ல இல்ல. அவர் படிக்கப் போற குறிப்பை அப்படியே எழுதிக் காட்டுங்க" என்று கேட்போம். "ரேஸ் கண்டிஷன் இருக்கு. சரி பண்ணு" என்று எழுதுகிறவர் உண்டு. தவறில்லை, ஆனால் ஒன்றரை வருட அனுபவக்காரர் அந்தச் சொல்லைத் தேடிப் படித்து, எங்கோ ஒரு லாக்கைப் போட்டு, பிழையை வேறிடத்துக்கு நகர்த்திவிட வாய்ப்பு அதிகம். ஒருவர் இப்படி எழுதினார்: "இருப்பு 500. ஒரே நேரத்தில் இரண்டு பேர் 400 எடுக்கிறார்கள். இரண்டாவது வரியில் இருவருக்கும் என்ன கிடைக்கும் என்று தாளில் போட்டுப் பாருங்கள். இதைத் தடுக்கும் வேலையை டேட்டாபேஸிடம் விட முடியுமா? மாலையில் சேர்ந்து பார்ப்போம்." பிழை எங்கே என்று காட்டியாகிவிட்டது, கண்டுபிடிக்கும் வேலை மட்டும் ஜூனியரின் கையில் இருக்கிறது.

மைக்ரோசாஃப்டில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. அல்பெர்ட்டோ பாக்கெல்லியும் கிறிஸ்டியன் பேர்டும் செய்தது. ரிவ்யூ எதற்கு என்று கேட்டால் பிழை கண்டுபிடிக்கத்தான் என்பது முதன்மையான பதிலாக இருந்தது. உண்மையில் எழுதப்பட்ட குறிப்புகளைப் பார்த்தால் பிழை பற்றியவை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கோடைச் செம்மைப்படுத்துவது, ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குப் போவது, வேறு வழிகள் தோன்றுவது ஆகியவைதான் ரிவ்யூவின் பலனில் பெரும்பங்காக இருந்தன. நேர்காணலில் குறிப்பின் வாசகத்துக்கு இவ்வளவு நேரம் கொடுப்பது அதனால்தான்.

பிறகு சூழ்நிலையை மாற்றுவோம். "இன்னிக்கு ராத்திரி ரிலீஸ். மேனேஜர் அவசரப்படுத்துறார். விடுவீங்களா, நிறுத்துவீங்களா?" தொழில்நுட்பத் தலைமை பற்றிய கேள்வி இதுதான், அந்தப் பெயரைச் சொல்லாமலே கேட்கப்படுகிறது. "தரத்தில் சமரசம் கிடையாது, நிறுத்துவேன்" என்பதும், "பிசினஸ் முடிவு, மேனேஜர் பார்த்துக்கொள்வார்" என்பதும் எனக்குப் போதாது. நல்ல பதில் பிரித்துப் பார்க்கும். இரட்டைச் செலவு இருக்கும்வரை வெளியே போகக் கூடாது, ஆனால் அதைத் திருத்த ஒரு கட்டளை போதும், இன்றே முடியும். எதிர்மறை எண்ணைத் தடுக்க ஒரு வரி. எஸ்எம்எஸ் தோற்றாலும் பணப் பதிலைப் பாதிக்காதபடி இன்றைக்குச் சுற்றி மூடிவிடலாம். கட்டண எண் சேர்க்கும் வேலை மட்டும் பெரியது, ஆப்பையும் மாற்ற வேண்டும். அது இல்லாமல் போனால், நெட்வொர்க் அறுந்து மறுபடி அழுத்துகிறவருக்கு இரண்டு முறை கழியும் ஆபத்து மிச்சமிருக்கும். அதை மறைக்காமல் மேனேஜரிடம் எழுத்தில் சொல்லி, வாடிக்கையாளர்களில் சிறு பகுதிக்கு மட்டும் முதலில் திறந்துவிடலாம் என்று வழியும் சொல்கிறவரிடம் நான் ஒரு குழுவை ஒப்படைப்பேன். அவர் மேனேஜரிடம் ரேஸ் கண்டிஷன் என்று பேசமாட்டார், ரூபாயில் பேசுவார்.

கடைசிப் பகுதி வழிகாட்டுதல். "இதே ஜூனியர் இதே மாதிரி தப்பை மூணாவது தடவை பண்றார். என்ன செய்வீங்க?" பெரும்பாலும் வரும் பதில் ஒரு வகுப்பு எடுத்தேன், விக்கியில் எழுதி வைத்தேன் என்பது. அது நடந்திருக்கலாம், ஆனால் அதனால் அந்த ஆள் மாறினாரா என்பது தெரியவில்லை. அனுபவம் உள்ளவர் முதலில், ஏன் மூன்று தடவை என்று கேட்பார். முந்தைய இரண்டு முறையும் தானே திருத்தி அனுப்பிவிட்டோமோ என்றும் யோசிப்பார். பிறகு, ஒரே நேரத்தில் இரண்டு கோரிக்கைகள் அனுப்பிக் கணக்கு உதைப்பதைக் கண்முன் காட்டும் டெஸ்ட் ஒன்றை அந்த ஜூனியரையே எழுதச் சொல்வார். அடுத்த மாதம் பணம் தொடர்பான கோட்களின் முதல் ரிவ்யூவை அவரிடமே கொடுத்து, தான் இரண்டாவதாகப் பார்ப்பார்.

இங்கே ஒப்பித்து வந்த கதைகளும் நிறைய வரும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி. "அதுக்கு அவர் என்ன சொன்னார்? உங்க யோசனையை அவர் ஏத்துக்காத சமயம் உண்டா? இப்ப அவர் உதவி இல்லாம எதைச் செய்றார்?" உண்மையில் ஒருவரை வளர்த்தவருக்கு இந்தக் கேள்விகளில் பேச்சு நீளும், அந்த மனிதர் கதைக்குள் வந்துவிடுவார். ஒப்பித்தவருக்குப் பேச்சு மறுபடி பொதுவாகும். "நாங்க பண்ணினோம்" என்றே பேசிக்கொண்டிருப்பவரை மட்டும் அவசரப்பட்டு ஒதுக்கக் கூடாது. நம் ஊரில் 'நான் செய்தேன்' என்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள் ஏராளம். "அதுல உங்க கை எது?" என்று ஒரு முறை கேட்டால் போதும், சொல்லிவிடுவார்கள்.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. கோட் ரிவ்யூ பழக்கமே இல்லாத நிறுவனத்தில் பத்தாண்டு உழைத்தவர் இங்கே தடுமாறுவார். அவருக்குக் குறிப்பு ஒன்று கொடுத்துவிட்டு, அதை எவ்வளவு விரைவாகப் பிடித்துக்கொள்கிறார் என்று பார்ப்பதே நியாயம். கேள்வி கேட்பவர் தனக்குப் பிடித்த பிழையைச் சொல்லவில்லை என்பதற்காக மதிப்பெண் குறைப்பதும் நடக்கிறது. அதனால் எதைத் தேடுகிறோம் என்று முன்பே எழுதி வைத்து, பேனலில் உள்ள ஒவ்வொருவரும் மற்றவரிடம் பேசுவதற்கு முன்பே தன் மதிப்பீட்டை எழுதிவிட வேண்டும். மூத்தவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்களின் கருத்து அந்தப் பக்கமே சாய்ந்துவிடும்.

வேலை தேடி வருகிறவரும் கடைசியில் கேள்வி கேட்கலாம். "போன வாரம் உங்க டீம்ல ரிவ்யூவில் நிறுத்தி வெச்ச மாற்றம் எது? ஏன் நிறுத்தினீங்க? யார் நிறுத்தினாங்க?" என்று கேளுங்கள். பெயரும் காரணமும் தயங்காமல் வந்தால் அங்கே ரிவ்யூ நடக்கிறது. நிறுத்தியவர் ஒரு ஜூனியர் என்று பதில் வந்தால், சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அந்த இடத்தைப் பரிசீலியுங்கள்.