ப்ளஸ் வந்த பிள்ளையும் டிரேஸ் வந்த அம்மாவும்

போன வருஷம் மே மாதம் நடந்தது இது. என் பிள்ளை ரவிக்குப் பதினைந்து வயது. வெளியூர் ஹாஸ்டலில் பதினோராம் வகுப்புக்கு இடம் கிடைத்து, டாக்டர் சர்டிபிகேட் கேட்டிருந்தார்கள். அதற்காக ரத்தம், யூரின் இரண்டும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தால், சர்க்கரை இல்லை, மற்றதெல்லாம் சரி. ஆனால் ஆல்புமின் என்ற இடத்தில் மட்டும் இரண்டு ப்ளஸ்!

எனக்குக் கை கால் ஓடவில்லை. அடுத்த வீட்டுப் பாட்டி, "கிட்னிக் கோளாறுதாண்டியம்மா அது. இனிமே பையனுக்குப் பருப்பு, முட்டை எதுவும் போடாதே. பார்லிக் கஞ்சி கொடு" என்றார். இவரோ, "ஹாஸ்டலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கண் முன்னாலேயே இருக்கட்டும்" என்று விட்டார். பிள்ளை முகம் சுண்டிப் போயிற்று. மறுநாளே எங்கள் டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

அவர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு யூரின் கொடுத்தான்?" என்பதுதான். சாயங்காலம் ஐந்தரைக்கு. அன்றைக்கு வெயிலில் இரண்டு மணி நேரம் கால்பந்து ஆடிவிட்டு, தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல், நேராக லேபுக்குப் போயிருக்கிறான். டாக்டரம்மா சிரித்துக்கொண்டார்.

"ஆல்புமின் என்பது ரத்தத்தில் இருக்கிற புரதம். சிறுநீரகம் வடிகட்டி மாதிரி, அதை உள்ளேயே நிறுத்திக்கொள்ளும். வெளியே போவது கொஞ்சம்தான். காய்ச்சல், கடுமையான விளையாட்டு, உடம்பில் நீர் வற்றுவது, இதெல்லாம் வந்தால் ஒரு நாள், இரண்டு நாள் கூடுதலாகக் கசியும். பிறகு தானே நின்றுவிடும்" என்றார்.

ப்ளஸ் கணக்கையும் சொன்னார். அந்தக் காலத்தில் யூரினைக் குழாயில் காய்ச்சிப் பார்ப்பார்களாம். புரதம் இருந்தால் முட்டை வெள்ளைக்கரு போல வெளுத்துக் கலங்கும். இப்போது ஒரு காகிதப் பட்டையை நனைத்து எடுக்கிறார்கள். மஞ்சளாக இருக்கும் சதுரம், புரதம் இருந்தால் பச்சையாக மாறும். ஒரு நிமிஷத்தில் டப்பாவில் உள்ள வண்ண அட்டையோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். ஒரு ப்ளஸ் என்றால் 100 மில்லியில் சுமார் 30 மில்லிகிராம், இரண்டு என்றால் 100, மூன்று என்றால் 300. லேசாகப் பச்சை தட்டினாற்போல் தெரிந்து, ஒரு ப்ளஸ்ஸுக்கும் வரவில்லை என்றால் 'டிரேஸ்'.

இதில் ஒரு சூட்சுமம். குழம்பு சுண்டிப் போனால் உப்புக் கரிக்கிறதே, நாம் உப்பைக் கூட்டியா போட்டோம்? தண்ணீர்தானே குறைந்தது! யூரினும் அப்படித்தான். அடர்த்தியாகப் போனால் அதே புரதம் ப்ளஸ்ஸாகத் தெரியும். நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் டிரேஸ் என்றோ, ஒன்றுமே இல்லை என்றோ வரும். அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து அழவும் கூடாது, நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது.

டாக்டரம்மா ரவிக்கு ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. காலையில் கண் இமை வீங்குகிறதா, சமீபத்தில் தொண்டை வலி வந்ததா, யூரின் டீ நிறத்தில் போகிறதா, நுரைத்து நிற்கிறதா என்றெல்லாம் கேட்டார். எதுவும் இல்லை. "அப்படியானால் ஒரு வாரம் பொறுத்து மறுபடி எடுக்கலாம்" என்று முறையைச் சொன்னார்.

எடுப்பதற்கு முன் இரண்டு நாள் ஓட்டம், ஆட்டம் கிடையாது. காய்ச்சல், சளி இருந்தால் அது போன பிறகுதான். ராத்திரி படுக்கப் போகும்போது யூரின் போய்விட்டுப் படுக்க வேண்டும். காலையில் எழுந்தவுடன் போகும் முதல் யூரினில், ஆரம்பத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதை லேபில் கொடுத்த பாட்டிலில் பிடிக்க வேண்டும். தாமதிக்காமல் லேபில் சேர்த்துவிட வேண்டும். பெண்களானால் மாதவிலக்கு நாட்களில் எடுக்கவே கூடாது. வெள்ளைப்படுதல் கலந்தாலும் ப்ளஸ் காட்டும், ஆகவே கழுவிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

அப்படியே செய்தோம். காலை யூரினில் ஆல்புமின் இல்லை! அன்று மத்தியானம் ஒன்று எடுக்கச் சொன்னார், அதில் டிரேஸ். வளரும் வயதுப் பிள்ளைகள் சிலருக்கு நின்று, நடந்து கொண்டிருக்கும்போது மட்டும் கொஞ்சம் புரதம் கசியுமாம், படுத்தால் நின்றுவிடுமாம். அது வியாதி இல்லை, பெரியவர்களானால் போய்விடும். "வருஷம் ஒரு தடவை காலை யூரின் பார்த்தால் போதும். பருப்பு, முட்டை எல்லாம் தாராளமாகப் போடுங்கள்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ரவி ஹாஸ்டலுக்குப் போனான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். கிளம்பும்போது டாக்டரம்மா, "உங்களுக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறதே, உங்கள் ரிப்போர்ட் எங்கே?" என்றார். மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு வருஷமாக இரண்டிலும் 'டிரேஸ்' என்றிருந்தது. டிரேஸ்தானே என்று நான் கண்டுகொள்ளவே இல்லை.

டாக்டரம்மா இப்போது சிரிக்கவில்லை. "பிள்ளைக்கு வந்த இரண்டு ப்ளஸ் போய்விட்டது. உங்களுடைய டிரேஸ் போகாமல் இருக்கிறது. எத்தனை ப்ளஸ் என்பதைவிட, திரும்பத் திரும்ப வருகிறதா என்பதுதான் முக்கியம்" என்றார். சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்களுக்குக் காகிதப் பட்டையே போதாதாம். அதற்குத் தெரியாத சின்னக் கசிவில்தான் கோளாறு ஆரம்பிக்கும். அதற்கு ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் என்று வேறு பரிசோதனை. யூரின் அடர்த்தியாக இருந்தாலும் நீர்த்திருந்தாலும் அதில் கணக்குப் பிசகாது. 30-க்குக் கீழே இருந்தால் சரி. எனக்கு 68! இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுத்தபோது 74. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்றில் இரண்டு தடவை கூடுதலாக இருந்தால்தான் உறுதி என்றார். எனக்கு உறுதியாகிவிட்டது.

நல்ல வேளையாக ஆரம்பம்தான். கொதிப்புக்குச் சாப்பிட்ட மாத்திரையை மாற்றி, சிறுநீரகத்துக்கும் காவலாக இருக்கும் வேறொன்று கொடுத்தார். உப்பைக் குறைத்தேன், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தேன். போன மாதம் பார்த்தபோது 41-க்கு இறங்கியிருந்தது.

ஒன்று மட்டும் இளம் தாய்மார்களுக்கு. ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கு ஐந்து மாதத்துக்கு மேல் ஒரு ப்ளஸ் வந்தாலே அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அது 140-க்கு 90 அல்லது மேலே இருந்தாலும், தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, முகம் கை வீக்கம் இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அதே போல், காலையில் முகம் வீங்கி எழும் குழந்தைக்கு மூன்று ப்ளஸ் வந்தாலும், யூரின் டீ நிறத்தில் போனாலும் காத்திருக்கக் கூடாது.

இப்போது எங்கள் வீட்டு ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் எத்தனை மணிக்கு எடுத்தது, அன்று காய்ச்சல் இருந்ததா என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். புது ரிப்போர்ட் வந்தால் முதலில் பழையதைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.