வண்டி ஒன்று, பங்கு நான்கு

சேலையூரிலிருந்து சிறுசேரிக்குப் போக வரச் சுமார் 48 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் காருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் பெட்ரோல் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 300 ரூபாய். கார்காரர் தன்னையும் சேர்த்து நான்காகப் பிரித்தால், தலைக்கு 75 ரூபாய். தன் பங்கை அவர் விட்டுவிட்டால் தலைக்கு 100 ஆகும். அவர் ஓசியில் போவதாக மற்றவர்கள் உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

சக ஊழியர்களிடம் கேட்கும்போது, “சேர்ந்து போகலாமா?” என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் வரமாட்டார்கள். “காலை 7.40க்கு கேம்ப் ரோடு, 8 மணிக்கு மேடவாக்கம் கூட்ரோடு, 5 நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டேன், மாலை 6 மணிக்குத் திரும்புவேன்” என்று சொன்னால்தான் பதில் வரும்.

பெரும்பாலும் சண்டை வருவது விடுப்பு நாளில்தான். ஒருவர் வராவிட்டால் மற்றவர்களுக்கு 100 ரூபாயாகிவிடும். அதனால் முந்தின இரவு சொல்லாவிட்டால் அவர் பங்கு உண்டு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

பெட்ரோல் செலவுக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு ஓட்ட அனுமதியில்லை; விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணத்திலும் சிக்கல் வரலாம்.