இரண்டு மீட்டர் துண்டுகள்

வீடு கட்டும் இடத்துக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது மூலையில் கிடக்கும் கம்பித் துண்டுகளைத்தான். குவியலில் கைக்கு ஒன்றாய் விதவிதமான நீளங்கள் கிடந்தால், அளவு தவறியிருக்கும், அல்லது வரைபடத்தை நடுவில் மாற்றியிருப்பார்கள். எல்லாத் துண்டும் ஏறத்தாழ ஒரே நீளமாக இருந்தால் காரணம் வேறு. வெட்டியவர் அளவில் பிழையே செய்யவில்லை. எதை எதோடு சேர்த்து வெட்டுவது என்பதை யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. அதாவது நாற்பது அடி. வண்டியில் ஏற்ற வசதியாக நடுவில் மடித்தும் கொண்டுவருவார்கள். நமக்கு வேண்டிய நீளங்களோ கட்டடத்தைப் பொறுத்தவை, 12-க்குள் அடங்கும்படி யாரும் அறைகளை வரைவதில்லை.

ஒரு தளத்தின் பீம்களுக்கு 16 மி.மீ. கம்பி இப்படி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரிய அறைகளுக்கு 5 மீட்டரில் 20, சின்ன அறைகளுக்கு 3.5 மீட்டரில் 24, தூண்களுக்கு மேலே போடும் கூடுதல் கம்பி 2.3 மீட்டரில் 24. (கணக்கு புரியட்டும் என்று எண்களைக் கொஞ்சம் ஒத்துவரும்படி அமைத்திருக்கிறேன்.)

கம்பி கட்டுபவர் வழக்கமாகச் செய்வது, நீளமானதை முதலில் முடிப்பது. ஒரு கம்பியில் 5 மீட்டர் இரண்டு வரும், 2 மீட்டர் மிஞ்சும். பத்துக் கம்பி தீர்ந்தது. அடுத்து 3.5 மீட்டர், ஒரு கம்பிக்கு மூன்று, மிச்சம் ஒன்றரை மீட்டர். எட்டுக் கம்பி. கடைசியாக 2.3 மீட்டருக்கு ஐந்து கம்பி. மொத்தம் 23. மிஞ்சிய துண்டுகளைக் கூட்டினால் 36.8 மீட்டர், வாங்கியதில் 13 சதவீதத்துக்கும் மேல். வேதனை என்னவென்றால், பத்து இரண்டு மீட்டர் துண்டுகள் கையில் இருக்கின்றன, வேண்டியதோ 2.3 மீட்டர். முப்பது சென்டிமீட்டரில் அத்தனையும் வீண்.

இப்போது அதே வேலையை வேறு மாதிரி பாருங்கள். 12 மீட்டர் கம்பியில் 5 மீட்டரை ஒரே ஒரு முறை மட்டும் வெட்டினால் 7 மீட்டர் நிற்கும். அந்த ஏழில் 3.5 மீட்டர் இரண்டு சரியாக அடங்கும். அல்லது 2.3 மீட்டர் மூன்று அடங்கி, பத்து சென்டிமீட்டர் மட்டும் மிஞ்சும். முதல் முறையில் 12 கம்பி வெட்டினால் 5 மீட்டரில் 12, 3.5 மீட்டரில் 24 கிடைத்துவிடும். இரண்டாவது முறையில் 8 கம்பி வெட்டினால் மீதி எட்டு 5 மீட்டரும், 2.3 மீட்டர் 24-ம் கிடைத்துவிடும். மொத்தம் 20 கம்பி. மிச்சம் எல்லாம் சேர்த்து 80 சென்டிமீட்டர். மூன்று கம்பி மிச்சம் என்றால் எடையில் சுமார் 57 கிலோ. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும், 16 மி.மீ.க்கு 1.58.

பெரியதை முதலில் முடி என்பது பானையில் காய் அடுக்குவது போன்ற வேலைகளில் நல்ல விதிதான். இங்கே அது தோற்கிறது. 5 மீட்டருக்குத் துணையாக இன்னொரு 5 மீட்டரைச் சேர்த்ததுதான் தவறு. துணையாகச் சேரவேண்டிய 3.5-ம் 2.3-ம் தனித்தனியே போய், தம் பங்குக்குத் துண்டுகளை மிச்சம் வைத்தன. ஆகவே பட்டியல் முழுதும் கையில் வந்தபிறகே முதல் கம்பியில் கத்தி வைக்கவேண்டும்.

மூன்று நீளம் என்றால் தாளில் போட்டுவிடலாம். முப்பது நீளம் என்றால், ஒரு கம்பியை வெட்டக்கூடிய வழிகளே எண்ண முடியாத அளவுக்குப் பெருகும். இப்படி வெட்டும் கணக்கை ரஷ்யக் கணித அறிஞர் கன்டரோவிச் 1939-லேயே எடுத்து ஆராய்ந்தார். 1961-ல் கில்மோர், கோமரி என்ற இருவர், எல்லா வழிகளையும் எழுதிப் பார்க்காமலே நல்ல வழிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கும் முறையைச் சொன்னார்கள். இன்று கம்பி வெட்டும் மென்பொருள்கள் பலவற்றின் உள்ளே அந்த யோசனைதான் ஓடுகிறது.

ஆனால் மென்பொருளுக்குக் கொடுக்கும் நீளமே தவறாக இருந்தால்? பீமுக்குப் போடும் ரிங்கை எடுத்துக்கொள்வோம். 23-க்கு 38 சென்டிமீட்டர் பீம், சுற்றிலும் 25 மி.மீ. கவர், 8 மி.மீ. கம்பி. ரிங்கின் வெளியளவு 180-க்கு 330 மி.மீ., நாலு பக்கமும் சேர்ந்து 1,020. இரண்டு கொக்கிக்கும் 80 வீதம் 160. கூட்டினால் 1,180. நிறையப் பேர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கம்பி வளையும்போது கொஞ்சம் நீள்கிறது, அதைக் கழிக்கவேண்டும். நேர்கோண வளைவுக்கு விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, கொக்கியின் 135 டிகிரி வளைவுக்கு மூன்று மடங்கு என்பது நடைமுறைக் கணக்கு. மூன்று நேர்கோணம், இரண்டு கொக்கி, ஆக 96 மி.மீ. போகும். மீதி 1,084.

1.18 மீட்டராக வெட்டினால் ஒரு கம்பிக்குப் பத்து ரிங். 1.09 மீட்டராக வெட்டினால் பதினொன்று. 1.10 என்று முழுசாக்கினால் மறுபடி பத்துதான், பதினோராவது ரிங் பத்து சென்டிமீட்டர் குறைந்துபோகும். ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கம்பிக்கு ஒரு கம்பி போகிறது. அதற்காகக் கொக்கியைக் குட்டையாக்கிப் பதினொன்று எடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது மிச்சம் பிடிப்பது அல்ல. நிலநடுக்கத்தில் ரிங் பிரிந்துவிடாமல் பிடித்திருப்பது அந்தக் கொக்கிதான்.

துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தீர்த்துவிடலாமே என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். ஒரு கம்பியின் விசை அடுத்த கம்பிக்குப் போக, இரண்டும் போதிய நீளத்துக்கு ஒன்றோடொன்று படிந்து கிடக்கவேண்டும். பல இடங்களில் விட்டத்தைப் போல 50 மடங்கு விடுகிறார்கள். 16 மி.மீ.க்கு அது 80 சென்டிமீட்டர். நம் இரண்டு மீட்டர் துண்டில் இரண்டை ஒட்டினால் கிடைப்பது 3.2 மீட்டர், 3.5-க்குக்கூடப் போதாது. போதும் என்றாலும், ஒட்டு எங்கே வரலாம் என்பதை வடிவமைத்தவர் சொல்லவேண்டும். எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் விழக்கூடாது.

துண்டுக்கு நேர்மையான பயன்கள் உண்டு. ஸ்லாபின் மேல்கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சேர், பீமில் இரண்டு வரிசைக் கம்பிகளுக்கு இடையே வைக்கும் குறுக்குத் துண்டு, சின்ன ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் என்று கொஞ்சம் போகும். ஆனால் சேருக்கு ஆகும் என்று சொல்லிச் சேர்த்த துண்டு, சேருக்கு வேண்டியதைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கும்.

சொந்த வீடு கட்டுபவர்களிடம் நடைமுறையில் இன்னொரு சிக்கல். கம்பி வாங்குவது வீட்டுக்காரர், வெட்டுவது கூலி ஒப்பந்தக்காரரின் ஆள். வீணானால் நட்டம் வெட்டுபவருக்கு இல்லை. சேர்த்து வெட்டினால் அவருக்கு வேலைதான் கூடும். ஒரே அளவை வரிசையாக வெட்டுவது வேகம். இரண்டு மூன்று அளவைக் கலந்து வெட்டி, தனித்தனியாகக் கட்டி, எது எந்தப் பீமுக்கு என்று அட்டை கட்டிவைப்பது நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குத் தனியாகக் கூலி பேசிவிடுவது நல்லது. 57 கிலோ கம்பியின் விலையோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை.

மூன்று மாதம் கழித்துப் போடப்போகும் மாடிப் பீமுக்கும் இன்றே சேர்த்து வெட்டலாமா? கணக்குப்படி லாபம். நான் செய்வதில்லை. அதற்குள் துண்டு துருப்பிடிக்கும், காணாமல் போகும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் மாடியில் ஓர் அறையைக் கூட்டிவிடுவார்.

கடைசியாக ஒரு விஷயம். 5-ம் இரண்டு 3.5-ம் சேர்ந்து மிகச்சரியாக 12 என்றேன். வந்த கம்பி 11.98 மீட்டராக இருந்தால் கடைசித் துண்டு இரண்டு சென்டிமீட்டர் குறையும். வட்டக் கத்தியால் அறுத்தால் ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு மூன்று மி.மீ. பொடியாகிப் போகும். அழுத்தி வெட்டும் இயந்திரத்தில் அந்த இழப்பு இல்லை. ஆகவே வண்டி வந்ததும் கட்டுக்கு நாலைந்து கம்பியை நீட்டி டேப்பால் அளந்துவிடுங்கள். சில சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும் கம்பிகளுக்குச் சுண்ணாம்பால் குறி போட்டு, இந்த முழு 12 மீட்டர் வெட்டுக்கென்று தனியே ஒதுக்கி வையுங்கள். குட்டையானவற்றை 11.9 மீட்டர் வெட்டுக்கு அனுப்புங்கள்.