நேரத்தை மாற்றக் கேட்கும் கடிதம்

"மாலையில் கொஞ்சம் சீக்கிரம் கிளம்ப அனுமதி வேண்டும்" என்று எழுதினால் மனிதவளப் பிரிவு என்ன செய்யும்? 'கொஞ்சம்' எவ்வளவு, எந்த நாட்களில், எதுவரை என்று கேட்டுத் திருப்பி அனுப்பும். அந்தப் பதில்கள் முதலிலேயே கடிதத்தில் இருக்க வேண்டும்.

ஒரு கணக்காளரை எடுத்துக்கொள்வோம். அலுவலக நேரம் காலை 9.30 முதல் மாலை 6 வரை. இடையில் அரை மணி சாப்பாடு. திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் அம்மாவை பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும். அவர் இப்படி எழுதலாம்:

"ஜூலை 6 முதல் திங்கள், புதன், வெள்ளியில் காலை 8 முதல் மாலை 4.30 வரையும், செவ்வாய், வியாழனில் வழக்கமான நேரத்திலும் பணியாற்ற அனுமதி வேண்டுகிறேன். தினமும் 8 மணி, வாரம் 40 மணி வேலை குறையாது. மாதக் கணக்கு முடிக்கும் கடைசி இரண்டு நாட்கள் 6 மணி வரை இருப்பேன். செப்டம்பர் 25 அன்று இந்த ஏற்பாட்டை மறுஆய்வு செய்யலாம்."

மறுஆய்வுத் தேதி இருப்பதால் மேலாளருக்குத் தயக்கம் குறையும்; சரிவராவிட்டால் நிறுத்த வழி இருக்கிறதே. அன்றைக்குள் தாமதமான கணக்குகள் எத்தனை என்று பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும்.

அனுமதி கிடைத்ததும் வருகைப் பதிவிலும் ஷிஃப்ட் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கைரேகை இயந்திரம் 4.30 மணியை முன்கூட்டிய வெளியேற்றமாகப் பதிந்து, சம்பளத்தில் அரைநாள் போய்விடலாம்.